மைக்ரோவேவில் சாப்பாடு ஓரத்தில் கொதிக்குது, நடுவில் ஜில்லுனு இருக்குதே... ஏன்? தட்டு சுற்றுவதற்கு பின்னால் இருக்கும் 6 செ.மீ. கணக்கு!

ஃப்ரிட்ஜில் இருந்து நேற்றைய பிரியாணியை எடுத்து மைக்ரோவேவில் வைத்து இரண்டு நிமிடம் ஓட்டுகிறோம். வெளியே எடுத்து முதல் வாய் வைத்தால் நாக்கு சுட்டுவிடுகிறது. அடுத்த வாய் ஐஸ் மாதிரி இருக்கிறது. ஒரே தட்டு, ஒரே சாப்பாடு, ஒரே இரண்டு நிமிடம். ஆனால் சூடு மட்டும் திட்டுத் திட்டாக இருக்கிறது.

'மெஷின் பழசாயிடுச்சு' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நேற்று வாங்கிய புது மைக்ரோவேவிலும் இதேதான் நடக்கும். இது ரிப்பேர் இல்லை, இயற்பியல். அந்த இயற்பியலை சமாளிக்கத்தான் உள்ளே கண்ணாடித் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டாலும் முழுமையாக சமாளிக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலானோர் சாப்பாட்டை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மைக்ரோவேவ் அடுப்பின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தால் 2450 MHz என்று எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் மேக்னட்ரான் என்ற பாகம், ஒரு வினாடிக்கு சுமார் 245 கோடி முறை அதிரும் மின்காந்த அலையை உருவாக்குகிறது என்று அர்த்தம். இந்த அலையின் நீளம், அதாவது ஒரு முகட்டில் இருந்து அடுத்த முகடு வரையிலான தூரம், காற்றில் சுமார் 12.2 செ.மீ. ஒரு சின்ன ஸ்கேல் அளவுக்குக்கூட வராது.

இந்த அலை, அடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஜன்னல் போன்ற வழியாக உள்ளே நுழைகிறது. அந்த இடத்தில் அட்டை மாதிரி ஒரு தகடு மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வந்த அலைக்கு வெளியே போக வழி கிடையாது. சுற்றிலும் உலோகச் சுவர். கண்ணாடிக் கதவிலும் சின்னச் சின்ன துளைகள் போட்ட உலோகத் தகடு இருக்கிறது. 12 செ.மீ. அலைக்கு அந்தத் துளை மிகவும் சிறியது என்பதால் கதவும் சுவர் மாதிரிதான். எனவே அலை ஒரு சுவரில் மோதி திரும்பும், எதிர்ச் சுவரில் மோதி மறுபடி திரும்பும்.

இங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. போகிற அலையும் திரும்பி வருகிற அலையும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன.

ஆடாத இடமும் துள்ளும் இடமும்

ஒரு நீளமான கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். மெதுவாக ஆட்டினால் கயிறு தாறுமாறாக நெளியும். வேகத்தை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் கயிறு அழகாக இரண்டு மூன்று வளையங்களாகப் பிரிந்து நிற்கும். வளையத்தின் நடுப்பகுதி துள்ளும். இரண்டு வளையங்கள் சேரும் இடம் மட்டும் அசையாமல் அப்படியே இருக்கும். அலை ஓடாமல் ஒரே இடத்தில் நின்று ஆடுவது போலத் தெரியும். இதுதான் நிலை அலை.

அசையாத அந்த இடத்துக்கு 'கணு' என்று பெயர். கரும்பில் இருக்கும் கணுவை நினைத்துக்கொண்டால் மறக்காது. நன்றாகத் துள்ளும் இடம் எதிர்க்கணு. ஒரு கணுவில் இருந்து அடுத்த கணு வரை எப்போதும் அலைநீளத்தில் பாதி தூரம்தான் இருக்கும்.

மைக்ரோவேவ் பெட்டிக்குள்ளும் இதே கதைதான். கயிற்றுக்குப் பதிலாக மின்புலம் ஆடுகிறது. மின்புலம் வேகமாக ஆடும் இடத்தில் சாப்பாட்டில் உள்ள நீர் மூலக்கூறுகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பத் திரும்ப இழுக்கப்பட்டு, பக்கத்து மூலக்கூறுகளோடு முட்டி மோதி சூடாகின்றன. கணு இருக்கும் இடத்தில் மின்புலமே ஆடுவதில்லை. அங்கே இருக்கும் சோற்றுக்கு மைக்ரோவேவ் ஓடுவதே தெரியாது!

கணக்கைப் பாருங்கள். அலைநீளம் 12.2 செ.மீ. அதில் பாதி 6.1 செ.மீ. ஆக, ஒரு சூடான இடத்துக்கும் அடுத்த சூடான இடத்துக்கும் குறைந்தது சுமார் 6 செ.மீ. இடைவெளி. சூடான இடத்துக்கும் பக்கத்து குளிர்ந்த இடத்துக்கும் வெறும் 3 செ.மீ. ஒரு தோசைக்கரண்டி அகலம்கூட இல்லாத தூரத்தில் கொதிநிலையும் குளிரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன.

'3 செ.மீ. தானே, சூடு தானாகப் பரவிடாதா?' என்று கேட்கலாம். பரவும், ஆனால் ரொம்ப மெதுவாக. சோறு, உருளைக்கிழங்கு, கெட்டியான குருமா போன்றவற்றில் வெப்பம் 3 செ.மீ. நகர்ந்து சமன் ஆவதற்கு பல பத்து நிமிடங்கள் ஆகும். நாம் அடுப்பில் வைப்பது இரண்டே நிமிடம். ரசம், டீ போன்ற தண்ணியான பதார்த்தங்களில் மட்டும் இந்தப் பிரச்னை குறைவு. அங்கே சூடான நீர் நகர்ந்து கொஞ்சமாவது கலந்துவிடும். கட்டியாக இருக்கும் தயிர் சாதத்துக்கும் பிரியாணிக்கும் அந்த வசதி இல்லை.

அப்பளத்தை வைத்தே பார்த்துவிடலாம்

இந்தத் திட்டுகளைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. நாலைந்து பொரிக்காத அப்பளமும் ஒரு ஸ்கேலும் போதும்.

முதலில் கண்ணாடித் தட்டையும், அதற்குக் கீழே சக்கரங்களோடு இருக்கும் வளையத்தையும் வெளியே எடுத்துவிட வேண்டும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் படாதபடி, மைக்ரோவேவுக்கு ஏற்ற ஒரு தட்டையான கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து மேடை மாதிரி செய்துகொள்ள வேண்டும். அதன்மேல் அப்பளங்களை இடைவெளி விடாமல் பரப்பி, 20 முதல் 30 வினாடி ஓட்டினால் போதும். அப்பளத்தில் ஈரம் மிகக் குறைவு என்பதால் அதற்கு மேல் ஓட்டுவது அடுப்புக்கு நல்லதில்லை, அப்பளமும் கருகிவிடும். காலியாக ஓட்டவே கூடாது. சாப்பாடு உறிஞ்ச வேண்டிய சக்தி திரும்ப மேக்னட்ரானுக்கே போய் அதைக் கெடுத்துவிடும்.

வெளியே எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சில இடங்களில் அப்பளம் வெள்ளையாகப் பொரிந்து உப்பியிருக்கும். பக்கத்திலேயே பச்சையாக, மஞ்சளாக, வளைந்துகூட கொடுக்காமல் இருக்கும். தட்டு சுற்றாதபோது உங்கள் அடுப்பின் உள்ளே சூடு எங்கே இருக்கிறது என்பதற்கான வரைபடம் அதுதான்.

இப்போது பொரிந்த திட்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளக்கலாம். உதாரணத்துக்கு மூன்று இடங்களில் 6.2, 5.8, 6.3 செ.மீ. என்று கிடைக்கிறது என வைத்துக்கொள்வோம். சராசரி 6.1 செ.மீ. இது பாதி அலைநீளம் என்பதால் இரண்டால் பெருக்கினால் 12.2 செ.மீ. அலை ஒரு வினாடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் 12.2 செ.மீ. முன்னேறுகிறது. இரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு சுமார் 2,98,900 கி.மீ. வரும். ஒளியின் உண்மையான வேகம் வினாடிக்கு 2,99,792 கி.மீ. அப்பளத்தையும் ஸ்கேலையும் வைத்து ஒளியின் வேகத்தையே அளந்துவிட்டோம்!

இந்தச் சோதனையை சாக்லேட், சீஸ் ஸ்லைஸ் வைத்தும் செய்கிறார்கள். ஆனால் அவை உருகி ஓடிவிடும், திட்டின் நடு எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த வகையில் அப்பளமே கில்லாடி.

ஆனால் எல்லோருக்கும் 6.1 வராது. ஏன்?

பல வீடியோக்களில் இந்தச் சோதனையைச் செய்பவர்களுக்கு விடை கச்சிதமாக வந்துவிடும். வீட்டில் செய்து பார்க்கும் பலருக்கு 7, 8 செ.மீ., சில நேரம் 10 செ.மீ. கூட வரும். அளந்தது தப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். தப்பு அளவில் இல்லை, பெட்டியின் கணக்கில் இருக்கிறது.

கயிறு உதாரணத்தில் அலை ஒரே திசையில்தான் போய் வந்தது. பெட்டிக்குள் அப்படி இல்லை. இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று மூன்று திசைகளிலும் சுவர் இருக்கிறது. அலை சாய்வாகவும் போய் மோதுகிறது. ஒவ்வொரு சுவரிலும் அலை சரியாகப் பொருந்தி உட்கார வேண்டும் என்பதால், ஒரு பக்கத்தின் நீளத்துக்குள் முழு எண்ணிக்கையில்தான் வளையங்கள் அமைய முடியும். நாலு அல்லது ஐந்து அமையலாம், நாலரை அமையாது.

உள் அகலம் 33 செ.மீ. இருக்கும் ஒரு அடுப்பை எடுத்துக்கொள்வோம். 33-ஐ 6.1-ஆல் வகுத்தால் 5.4 வருகிறது. ஆக, அந்தத் திசையில் அதிகபட்சம் 5 வளையங்கள்தான் அமையும். அப்போது இடைவெளி 33-ல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6.6 செ.மீ. நாலு வளையங்கள் அமைந்தால் 8.25 செ.மீ. மூன்று அமைந்தால் 11 செ.மீ. இதில் எது அமையும் என்பது அலை எந்த இடத்தில் நுழைகிறது, உள்ளே என்ன பாத்திரம், எவ்வளவு சாப்பாடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் அப்பளத்தில் கட்டம் போட்ட மாதிரி வரிசையாக இல்லாமல், சிதறிய திட்டுகளாகத் தெரிகிறது.

எனவே 6.1 செ.மீ. என்பது சரியான இடைவெளி என்பதைவிட, இடைவெளியின் கீழ் எல்லை என்று சொல்வதே சரி. ஒளியின் வேகம் கிடைக்க வேண்டும் என்றால், நெருக்கமாக இருக்கும் திட்டுகளைத் தேடி அளக்க வேண்டும். அப்படித் தேடி அளப்பது கொஞ்சம் 'விடையைத் தெரிந்துகொண்டு கணக்கு போடுவது' மாதிரிதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். சாப்பாட்டை உள்ளே வைத்ததுமே இந்த வரைபடம் மாறிவிடும். சாப்பாட்டில் நீர் இருப்பதால் அலை அதற்குள் நுழையும்போது நீளம் வெகுவாகச் சுருங்குகிறது, பலமும் குறைந்துகொண்டே போகிறது. பெரும்பாலான உணவுகளில் 1 முதல் 3 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே அலையின் பெரும்பகுதி சக்தி தீர்ந்துவிடுகிறது. 'மைக்ரோவேவ் உள்ளே இருந்து வெளியே சமைக்கும்' என்று சொல்வார்களே, அது உண்மை இல்லை. தடிமனான சாப்பாட்டின் நடுப்பகுதிக்கு அலை போய்ச் சேருவதே கிடையாது. ஆக, திட்டுகள் ஒரு பிரச்னை, ஆழம் இன்னொரு பிரச்னை.

தட்டு ஏன் சுற்றுகிறது?

திட்டுகளை நகர்த்த முடியாது என்றால் சாப்பாட்டை நகர்த்து. யோசனை அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் வேலையில் இருந்த பெர்சி ஸ்பென்சர் 1945-ல் மைக்ரோவேவ் சமையலுக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1947-ல் வெளிவந்த முதல் அடுப்பு கிட்டத்தட்ட ஆள் உயரம், எடை 340 கிலோ. பிறகு வந்த பல அடுப்புகளில் தட்டு சுற்றவில்லை. அலை நுழையும் இடத்தில் உலோக இறக்கைகள் கொண்ட மின்விசிறி போன்ற ஒன்று மெதுவாகச் சுழன்று, அலை மோதும் கோணத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. கோணம் மாறினால் திட்டுகளும் இடம் மாறும். 1966-ல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் சுழலும் தட்டுடன் கூடிய அடுப்பைக் கொண்டுவந்தது. வீட்டு அடுப்புகளில் இப்போது அதிகம் பார்ப்பது இந்த வகையைத்தான்.

சுற்றும் தட்டு எப்படி வேலை செய்கிறது? தட்டின் நடுவில் இருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு இட்லி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டு ஒரு முறை சுற்றும்போது அந்த இட்லி சுமார் 63 செ.மீ. பயணம் செய்கிறது. 6 செ.மீ.க்கு ஒரு சூடான திட்டு என்று கணக்கிட்டாலும் வழியில் பத்து திட்டுகளைத் தொட்டுவிடும். 8 செ.மீ.க்கு ஒன்று என்றாலும் ஏழெட்டு. தட்டு மோட்டாரில் பெரும்பாலும் 5/6 RPM என்று போட்டிருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நம் ஊரில் நிமிடத்துக்கு 5 சுற்று, 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளில் 6 சுற்று. ஆக, ஒரு நிமிடத்தில் நம் இட்லி சூடு, குளிர், சூடு, குளிர் என்று ஐம்பது முறை வரை மாறி மாறி வந்துவிடுகிறது. சராசரியாக ஓரளவு சமமாகச் சூடாகிறது.

இதற்கு நடுவில் ஒரு சுவாரஸ்யம். சில நாள் தட்டு வலது பக்கம் சுற்றும், சில நாள் இடது பக்கம் சுற்றும். 'மெஷின் கோளாறு' என்று பயப்பட வேண்டாம். அந்த விலை குறைந்த மோட்டாருக்கு குறிப்பிட்ட திசை கிடையாது. ஆன் செய்யும் கணத்தில் மின்சாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ப ஏதோ ஒரு பக்கம் கிளம்பிவிடும். சூட்டுக்கு எந்தத் திசையாக இருந்தாலும் ஒன்றுதான்.

நடுவில் வைப்பதுதான் பெரிய தப்பு

இப்போது அதே இட்லியை தட்டின் நடு மத்தியில் வையுங்கள். தட்டு சுற்றுகிறது, இட்லியும் சுற்றுகிறது. ஆனால் எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. மத்தியில் இருந்து 1 செ.மீ. தூரத்தில் உள்ள ஒரு பருக்கை, ஒரு சுற்றில் நகரும் வட்டத்தின் குறுக்களவே 2 செ.மீ. தான். திட்டுகளுக்கு இடையே 6 செ.மீ. இருக்கும்போது இந்த 2 செ.மீ. போதாது. அந்த இடத்தில் கணு இருந்தால் அங்கே உள்ள சாப்பாடு எத்தனை நிமிடம் சுற்றினாலும் குளிர்ச்சியிலேயே சுற்றும். சூடான திட்டு இருந்தால் அங்கே மட்டும் கருகும். அது எது என்பது அடுப்புக்கு அடுப்பு மாறும்.

அதனால்தான் ஒரு கிண்ணம் மட்டும் வைப்பதாக இருந்தால் தட்டின் ஓரமாக வைப்பது நல்லது. இட்லி, கொழுக்கட்டை, கட்லெட் என்று பல துண்டுகள் இருந்தால் நடுவை காலியாக விட்டு வட்டமாக அடுக்கலாம். பெரிய தட்டில் சாதம் என்றால் நடுவில் குழி மாதிரி செய்து சாதத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். அப்படிச் செய்யும்போது ஆழப் பிரச்னையும் பாதி தீர்ந்துவிடும். சாதம் மெல்லிய வளையமாகப் பரவுவதால் அலை எல்லாப் பக்கத்தில் இருந்தும் உள்ளே போகும்.

தட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது படுக்கைவாட்டில் மட்டும்தான் நகர்த்துகிறது. சாப்பாடு மேலே கீழே போவதில்லை. ஆனால் திட்டுகள் உயரத்திலும் இருக்கின்றன. உலோகத் தரையை ஒட்டி, அதற்கு இணையாக ஆடும் மின்புலம் கிட்டத்தட்ட பூஜ்யம். கயிறு கட்டிய ஜன்னல் கம்பி அசையாது என்பது போலத்தான் இதுவும். அதனால்தான் கண்ணாடித் தட்டு தரையில் அப்படியே கிடக்காமல் சக்கர வளையத்தின் மேல் கொஞ்சம் உயர்ந்து உட்கார்ந்திருக்கிறது. தட்டையான ஒன்று எப்போதும் சரியாகச் சூடாகவில்லை என்றால், ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து 2, 3 செ.மீ. உயர்த்திப் பாருங்கள். சில அடுப்புகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தட்டு சுற்றவில்லை என்றால்?

சதுரமான பெரிய டப்பாவை உள்ளே வைக்கும்போது அதன் மூலை சுவரில் இடித்து நின்றுவிடும். தட்டு மட்டும் 'டக் டக்' என்று சத்தம் போட்டு வழுக்கும். சில நேரம் நடுவில் இருக்கும் மூன்று இதழ் கொண்ட பிளாஸ்டிக் பாகத்தில் தட்டு சரியாக உட்காமல் இருக்கும், அல்லது அந்தப் பாகம் தேய்ந்து போயிருக்கும். சக்கர வளையத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினாலும் தட்டு திக்கித் திக்கிச் சுற்றும்.

இதில் ஆபத்து என்னவென்றால், தட்டு நின்றாலும் அடுப்பு வேலை செய்துகொண்டே இருக்கும். லைட் எரியும், சத்தம் வரும், ஓரம் கொதிக்கும். 'சூடு ஆகுதே, அப்புறம் என்ன?' என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுபவர்கள் உண்டு. ஆவி பறக்கும் அதே தட்டில் 3 செ.மீ. தள்ளி ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி அப்படியே இருக்கும்.

வாய் சுடுவது, ருசி குறைவது எல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் கிருமி. மீதமான உணவைச் சூடு பண்ணும்போது எல்லாப் பகுதியும் 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்த வெப்பத்தில் தாக்குப்பிடிக்காது. ஆனால் கணுவில் மாட்டிய கோழித்துண்டு வெதுவெதுப்போடு நின்றுவிட்டால், கிருமிகள் சாகாது.

அமெரிக்காவில் 2007-ல் இது பெரிய அளவில் நடந்தது. வீட்டில் சூடு பண்ணிச் சாப்பிடும் உறைந்த இறைச்சிப் பணியார வகை ஒன்றால் 41 மாகாணங்களில் 401 பேருக்கு சால்மோனெல்லா தொற்று உறுதியானது. கிருமி பணியாரத்தில் ஏற்கனவே இருந்தது. ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் பலர் அதைச் சூடு பண்ணியது மைக்ரோவேவில். அட்டையில் எழுதியிருந்த நிமிடக் கணக்கு அடுப்பின் வாட்டுக்கு ஏற்ப மாறும். பலருக்குத் தங்கள் அடுப்பு எத்தனை வாட் என்பதே தெரியவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. உறைந்த உணவில் இந்தத் திட்டுப் பிரச்னை இன்னும் மோசம். ஐஸ் மைக்ரோவேவை மிகக் குறைவாகவே உறிஞ்சும், தண்ணீர் நன்றாக உறிஞ்சும். முதலில் உருகிய இடம் மேலும் மேலும் சூடாகும், உருகாத இடம் உருகாமலே கிடக்கும். டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தினால் அடுப்பு விட்டு விட்டு ஓடுவது இதற்காகத்தான். ஓடாத இடைவெளியில் சூடு பக்கத்துக்குப் பரவ நேரம் கிடைக்கிறது.

சமாளிப்பது எப்படி?

தட்டு செய்ய முடியாத வேலையை கரண்டி செய்துவிடும். மொத்த நேரத்தில் பாதி முடிந்ததும் நிறுத்தி, கிளறி, ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் மாற்றி, மீதி நேரம் ஓட்ட வேண்டும். கிளற முடியாத கட்லெட், மீன் துண்டு போன்றவற்றைப் புரட்டி, இடம் மாற்றி வைக்கலாம். முடிந்ததும் உடனே எடுத்துச் சாப்பிடாமல், மூடியபடியே இரண்டு மூன்று நிமிடம் விட்டால் சூடு பக்கத்துப் பகுதிகளுக்குக் கொஞ்சம் பரவும். பாக்கெட்டில் 'சிறிது நேரம் வைத்திருந்து பரிமாறவும்' என்று போட்டிருப்பது சும்மா இல்லை. அந்த நேரமும் சமையல் நேரம்தான்.

சரியாகச் சூடாகிவிட்டதா என்று பார்க்க ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தடிமனான இடத்தின் நடுவிலும், தட்டின் மத்தியிலும் இரண்டு மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். உணவு தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது.

குழந்தைக்கான பால் பாட்டிலை மட்டும் மைக்ரோவேவில் சூடு பண்ணவே வேண்டாம். பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஒரு பகுதி மட்டும் கொதிக்கிற சூட்டில் இருக்கலாம். பெரியவர்கள் நாக்கு சுட்டால் துப்பிவிடுவார்கள், கைக்குழந்தையால் அது முடியாது. வெந்நீர் உள்ள பாத்திரத்தில் பாட்டிலை நிற்க வைத்தாலே போதும்.

தட்டே இல்லாத அடுப்பு வந்துவிட்டதே?

கடைகளில் இப்போது உள்ளே தட்டையான தரை மட்டும் இருக்கும் மாடல்களும் கிடைக்கின்றன. 'சுற்றும் தட்டு இல்லை, எனவே திட்டுப் பிரச்னையும் இல்லை' என்று விற்பனையாளர் சொல்லலாம். திட்டுகள் இங்கேயும் இருக்கும், நகர்த்தும் முறைதான் வேறு. பீங்கான் தரைக்குக் கீழே ஒரு உலோக ஆன்டெனா அல்லது இறக்கை மறைவாகச் சுழன்று, அலை கிளம்பும் திசையை மாற்றிக்கொண்டே இருக்கும். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அதே யோசனைதான், கண்ணுக்குத் தெரியாமல் கீழே போய்விட்டது. சதுர டப்பா இடித்து நிற்காது, சுத்தம் செய்வது சுலபம் என்பவை உண்மையான லாபங்கள்.

அது எவ்வளவு சமமாகச் சூடு பண்ணுகிறது என்று தெரிய வேண்டுமா? அதே அப்பளச் சோதனையை இதிலும் செய்யலாம். இங்கே எதையும் கழற்ற வேண்டியதில்லை, தரையில் அப்படியே பரப்பி 20 வினாடி ஓட்டினால் போதும். பெரும்பாலான இடங்களில் லேசாகப் பொரிந்திருந்தால் ஆன்டெனா தன் வேலையைச் செய்கிறது. நாலைந்து இடத்தில் மட்டும் உப்பி, மீதி பச்சையாகவே இருந்தால், கரண்டியை கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.